பேசும்போது தன்னையே கவனித்துக்கொண்டிருந்தால் ஏன் களைக்கிறது?

"தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். ஹட்டன்ல ஒரு லீசிங் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாசம். கணக்கு வேலையெல்லாம் பரவாயில்ல. மத்தியானம் எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடுற அந்த அரை மணித்தியாலம்தான் உயிர் போகுது. பேசுறப்பவே என் முகம் எப்படி இருக்கு, கை நடுங்குறது தெரியுதா, தோட்டத்துப் பேச்சு வந்துருச்சான்னு உள்ளுக்குள்ள பார்த்துக்கிட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தா அம்மாகிட்டகூட பேசத் தெம்பில்ல. ஏன் இப்படிக் களைக்குது? கவனத்தை வெளியே திருப்புன்னு சொல்றாங்க, அதை எப்படிச் செய்றது?"

தங்கச்சி, சாதாரணப் பேச்சே மூளைக்கு லேசான வேலை இல்லை. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி இடைவெளி ஏறத்தாழ ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாயால் சொல்வதற்கே அதைப்போல மூன்று மடங்கு நேரம் தேவை. அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். கேட்பதும் கட்டுவதும் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கின்றன. எல்லோருக்கும் இப்படித்தான், பழக்கத்தால் பாரம் தெரிவதில்லை.

நீங்கள் இதற்கு மேல் மூன்றாவது வேலை ஒன்றை ஏற்றியிருக்கிறீர்கள். முகம், கை, குரல், சொல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிற வேலை. அதற்கும் அதே கவனம்தான் செலவாக வேண்டும், தனியாக வேறு கவனம் கிடையாது. மூன்றும் போட்டியிடும்போது முதலில் விட்டுப்போவது கேட்பது. பேச்சு நின்றுபோனால் உடனே வெளியே தெரியும், கேட்பது நின்றுபோனால் தெரியாது. அதனால் மூளை சத்தமில்லாமல் அதைக் கைவிடுகிறது.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1973இல் செய்தது. வட்டமாக உட்கார்ந்தவர்கள் முறைவைத்துச் சொற்களை வாசித்தார்கள், பிறகு அந்தச் சொற்களை நினைவுபடுத்தச் சொன்னார்கள். தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்டதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் மறந்திருந்தார்கள். தன் முறையை நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. புதிதாக ஒரு பயிற்சி வகுப்பில் எல்லோரும் பெயர் சொல்லும்போது, நமக்கு முன்னால் சொன்னவரின் பெயர்தான் நினைவில் நிற்காது. உங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் அரை மணித்தியாலமும் இதே நிலைதான். எந்த நேரமும் "அடுத்தது நான்" என்ற நிலை.

கேட்பது நின்றதும் இன்னொரு சிக்கல் தொடங்குகிறது. பேசுவதற்கான சரக்கு மற்றவர் சொன்னதிலிருந்துதான் கிடைக்கும். அதை நீங்கள் பாதிதான் கேட்டிருப்பதால், பதில் சொல்ல ஒன்றும் கிடைப்பதில்லை. அப்போது உள்ளே தேடுகிறீர்கள், அங்கே இருப்பதோ முகம் எப்படி இருக்கிறது என்ற கவலை மட்டும். பேச்சு தடுமாறுகிறது. தடுமாறியதைக் கண்டதும் மேற்பார்வை இன்னும் இறுகுகிறது. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது தெம்பில்லாமல் போவது இந்தச் சுற்றினால்தான். அம்மாவோடு பேசும்போது மேற்பார்வை தேவைப்படாது, ஆனால் அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

இவ்வளவு செலவழித்து நீங்கள் வாங்குகிற தகவல் சரியானதா என்று பார்க்க வேண்டும். 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரித்தானிய உளவியலாளர்கள் சமூகப் பதற்றத்துக்கு ஒரு விளக்கம் வைத்தார்கள். இன்றைக்கும் பல சிகிச்சைகள் அதிலிருந்து கிளைக்கின்றன. அவர்கள் சொன்னதன் சாரம் இது: கூட்டத்தில் பதற்றப்படுகிறவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத் தன்னைப் பற்றி முடிவெடுப்பதில்லை. உடம்புக்குள் எழுகிற உணர்வை எடுத்து, அதிலிருந்து தன்னுடைய தோற்றத்தை மனதில் வரைந்துகொள்கிறார். கன்னம் சூடாகிறது, ஆகவே முகம் செக்கச்செவேலென்று இருக்கிறது. நெஞ்சு அடிக்கிறது, ஆகவே குரல் நடுங்குகிறது. அந்தப் படத்தில் அவர் தன்னை வெளியிலிருந்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணால் பார்ப்பது போலவே பார்ப்பார். அதனால்தான் அது உண்மை போலத் தெரிகிறது. ஆனால் அது வரையப்பட்டது உள்ளே இருக்கும் உணர்வைக் கொண்டுதான், எதிரே இருப்பவர் கண்ட எதையும் கொண்டில்லை.

கை நடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் மழை நாளில் ஒரு கப் தேத்தண்ணியை எடுக்கும்போது யாருக்கும் விரல் கொஞ்சம் விறைக்கும். மேசையில் இருக்கிற எல்லோருக்கும் அந்தக் குளிர்தான். உங்களுக்கு மட்டும் அது "எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று வந்து சேருகிறது.

மற்றவர்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கூச்சம் தரக்கூடிய ஒரு படம் போட்ட டீ சேர்ட்டை அணிவித்து, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சேர்ட்டில் இருந்தது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். 2000ஆம் ஆண்டு வெளிவந்தது இது. பெரிய படத்தையே முக்கால்வாசிப் பேர் கவனிக்கவில்லை என்றால், விரல் நுனி நடுக்கத்தைக் கவனிப்பவர் எத்தனை பேர்? 2018இல் வந்த இன்னொரு தொடர் ஆய்வு, புதிதாகப் பேசிக்கொண்ட இருவரிடம் தனித்தனியாகக் கேட்டது. மற்றவர் தன்னை எவ்வளவு விரும்பினார் என்று ஒவ்வொருவரும் ஊகித்தது, அவர் உண்மையில் விரும்பிய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. இது பதற்றக்காரர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல.

கவனத்தைத் திருப்புவதற்கு முன்னால், நீங்கள் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற சின்னச் சின்ன உபாயங்களைப் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால் பலன் குறையலாம். நடுங்கக் கூடாதென்று கப்பை இறுக்கிப் பிடிப்பது. வசனத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது. "ஆமா", "இல்ல" என்று சுருக்கமாக முடிப்பது. சாப்பாட்டுப் பார்சலையே பார்த்துக்கொண்டிருப்பது. போனை எடுத்து நோண்டுவது. தோட்டத்துச் சொல் வந்துவிடாமல் ஒவ்வொரு சொல்லையும் வடிகட்டுவது.

இவை ஒவ்வொன்றும் எதற்குப் பயந்தீர்களோ அதையே கொண்டுவருகின்றன. தசையை இறுக்கினால் நடுக்கம் கூடும், தளரப் பிடித்தால் குறையும். ஒத்திகை பார்த்த வசனம் தயாராகும் முன் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். சுருக்கப் பதிலையும் தாழ்ந்த பார்வையையும் யாரும் பயம் என்று படிப்பதில்லை, "இந்தப் பிள்ளைக்கு எங்களோட பேச விருப்பமில்ல போல" என்றுதான் நினைப்பார்கள். கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். அதைக் கண்டு நீங்கள் இன்னும் சுருங்குவீர்கள். மேற்பார்வை வேலைக்குக் கூலி கொடுப்பதே இந்த உபாயங்கள்தான், ஏனென்றால் கப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்கவும் கவனம் வேண்டும்.

முதலில் இது உங்கள் விஷயத்தில் உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாளர்கள் இதை ஒரு சோதனையாகவே செய்வார்கள், நீங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் செய்யலாம். கொஞ்சம் பழக்கமுள்ள, ஆனால் மிக நெருக்கமில்லாத ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். அந்த ஐந்து நிமிடமும் வழக்கமாகச் செய்வதையே வேண்டுமென்று கூட்டிச் செய்யுங்கள்: முகத்தைக் கண்காணியுங்கள், வசனத்தை ஒத்திகை பாருங்கள், கப்பை இறுக்குங்கள். இன்னொரு நாள் அதே ஆளோடு இன்னொரு ஐந்து நிமிடம். இந்த முறை உபாயங்களை விட்டுவிட்டு, அவர் சொல்கிற விஷயத்திலேயே இருங்கள். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் மூன்றுக்கும் 0 முதல் 100 வரை புள்ளி போடுங்கள்: எவ்வளவு பதற்றம் இருந்தது, பதற்றம் எவ்வளவு வெளியே தெரிந்திருக்கும், பேச்சு எப்படிப் போனது. கண்காணித்தால்தான் சமாளிக்க முடியும் என்பதுதான் உங்கள் நம்பிக்கை. அது சரியென்றால் முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போயிருக்க வேண்டும். அநேகமாக நேர்மாறாக இருக்கும். அதை எழுதிவைத்த தாளில் பார்ப்பதற்கும், நான் சொல்லிக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அடுத்தது பயிற்சி. நெதர்லாந்தில் சூசன் போகல்ஸ் என்ற உளவியலாளர் முகம் சிவந்துவிடும் என்று பயந்தவர்களுக்காக உருவாக்கிய முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். அவர் கவனத்தை மூன்றாகப் பிரித்து நூற்றுக்குக் கணக்கிடச் சொன்னார். ஒன்று தன்மேல், இரண்டாவது செய்கிற வேலையின்மேல், மூன்றாவது சூழலின்மேல். பேச்சில் "வேலை" என்பது எதிராளி சொல்கிற விஷயமும் நீங்கள் சொல்ல வருகிற விஷயமும். கணக்கு சுத்தமாக வர வேண்டியதில்லை, மதிப்பிட்டாலே போதும்.

பயிற்சியைப் பதற்றமில்லாத இடத்தில்தான் தொடங்க வேண்டும். நேரே சாப்பாட்டு மேசையில் தொடங்கினால் தோற்றுப்போவீர்கள், பிறகு முறையையே குறை சொல்வீர்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் இஸ்தோப்பில் முதுகோடு முதுகு காட்டி உட்காருங்கள். அவர் இரண்டு நிமிடம் எதையாவது சொல்லட்டும், நேற்றைய மேட்ச், பள்ளிக்கூடத்தில் நடந்தது, எதுவானாலும். முகம் தெரியாததால் பதற்றத்துக்கு வேலையில்லை. முடிந்ததும் நீங்கள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். பிறகு இரண்டு புள்ளி: கவனத்தில் எத்தனை வீதம் கதைமேல் இருந்தது, கதையில் எவ்வளவு திருப்பிச் சொல்ல முடிந்தது. இரண்டாவதை நீங்கள் போடக் கூடாது, சொன்னவர்தான் போட வேண்டும். முதுகோடு முதுகில் முக்கால்வாசிக்கு மேல் சொல்ல முடிந்தால், முகத்துக்கு முகம் திரும்பி உட்கார்ந்து அதையே செய்யுங்கள். அடுத்தது, உங்களைச் சங்கடப்படுத்துகிற விஷயத்தையே அவர் பேசட்டும்: கூட்டத்தில் கை நடுங்கிய யாரோ ஒருவரின் கதை. அங்கே கவனம் உள்ளே ஓடும். ஓடியதைக் கண்டு, கதையில் எந்த இடத்தில் விட்டோமோ அங்கே வந்து சேருவதுதான் பயிற்சி. கடைசியாக நீங்கள் சொல்ல, அவர் கேட்கட்டும். அப்போது உங்கள் கவனம் இருக்க வேண்டியது, சொல்ல வந்தது அவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதில்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதையும் இன்னொரு பரீட்சையாக்கிக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் ஆளில்லாவிட்டால் வானொலிச் செய்தியில் இரண்டு நிமிடம் கேட்டு, நிறுத்தி, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.

இனி சாப்பாட்டு மேசை. கம்பளையிலிருந்து வருகிற ஓர் அக்கா சொல்கிறார் என்று வையுங்கள்: "நேத்து ராவு காத்துக்கு எங்க கூரைத் தகரம் ஒன்னு தூக்கிருச்சு. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வச்சோம்."

உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு இதில் "காத்து" என்ற சொல் மட்டும்தான் விழும். உடனே "எங்க பக்கமும் நல்ல காத்து" என்ற வசனத்தைக் கட்டத் தொடங்குவார். "நல்ல காத்து" என்பதா "பலத்த காற்று" என்பதா? குரல் பிசிறுமா? அதற்குள் பேச்சு தகரத்தின் விலைக்குப் போயிருக்கும். அங்கே போய் "எங்க பக்கமும் காத்து" என்று சொன்னால் பொருத்தமில்லாமல் விழும், ஒரு கணம் எல்லோரும் அமைதியாவார்கள், கன்னம் சுடும். கவனத்தைக் கணக்கிட்டால் தன்மேல் 70, பேச்சின்மேல் 20, மிச்சம் சூழலில். அக்காவுக்கு எத்தனை பிள்ளை என்றுகூடப் பிறகு நினைவிருக்காது.

கவனத்தை வெளியே வைத்த ஆள், அக்கா சொன்னதை ஒரு படமாகப் பார்க்கிறார். ராத்திரி, இருட்டு, காற்று, தூக்கத்தில் பிள்ளைகள். அந்தப் படத்தில் தெரியாத இடங்கள் இருக்கும். எத்தனை மணிக்கு நடந்தது? பிள்ளைகள் விழித்துக்கொண்டார்களா? தெரியாத இடம்தான் கேள்வி. ஒத்திகை தேவையில்லை.

"ராவு எத்தனை மணிக்கு அக்கா? பிள்ளைங்க முழிச்சுக்கிட்டாங்களா?"

"ஒரு மணி இருக்கும். சின்னவன் தூங்கிக்கிட்டே தோள்ல வந்தான். பெரியவதான் ஸ்கூல் பேக் இல்லாம வரமாட்டேன்னு நின்னா."

இங்கே "இப்போ என் முகம் சிவந்திருக்கிறதோ" என்று ஓர் எண்ணம் வரும். கட்டாயம் வரும். அதைத் துரத்தினால், துரத்துகிற வேலைக்கும் கவனம் போகும். எண்ணம் பாட்டுக்கு இருக்கட்டும், நீங்கள் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். எங்கே விட்டீர்கள்? பேக்கில்.

"பேக்குல அப்படி என்ன இருந்துச்சு?"

"மறுநாள் ஸ்கொலர்ஷிப் கிளாஸ். பேப்பர் எல்லாம் அதுலதான்."

இப்போது உங்களிடம் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. தம்பியும் ஐந்தாம் வகுப்பில் அப்படித்தான் அடம்பிடித்தான் என்றோ, வேறு எதுவோ. தேடிப் பிடித்த வசனம் இல்லை, கேட்டதிலிருந்து தானாக வந்தது. கணக்கு இங்கே தன்மேல் 30, பேச்சின்மேல் 60 என்று இருக்கலாம். தன்மேல் பூச்சியத்துக்கு வர வேண்டியதில்லை, வராது. பேசுகிற எல்லோருக்கும் தன்மேல் கொஞ்சம் கவனம் இருக்கத்தான் செய்யும்.

நன்றாகப் போனதா என்று பார்க்கப் பதற்றத்தை அளக்காதீர்கள். சாப்பாடு முடிந்து மேசைக்குத் திரும்பும்போது, அக்கா சொன்னதில் மூன்று விவரம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒரு மணி, தூங்கிய சின்னவன், பேக். மூன்று கிடைத்தால் கவனம் வெளியே இருந்திருக்கிறது, மனம் படபடத்திருந்தாலும் சரி. தொடக்கத்தில் பதற்றம் குறையாமலே இது நடக்கும். பெரும்பாலும் முதலில் மீள்வது கேட்கும் திறன், பதற்றம் இறங்கக் கொஞ்சம் பிந்தலாம். பதற்றம் குறையவில்லையே என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

பிழை போகிற இடங்கள் சில உண்டு. மிகப் பெரியது இது: கவனத்தை வெளியே திருப்பச் சொன்னதும் சிலர் எதிராளியின் முகத்தைத் துருவத் தொடங்குவார்கள். புருவம் சுருங்கியதா, சிரிப்பு உண்மையா, கண் வேறெங்கோ போகிறதா. பார்வை வெளியேதான் இருக்கிறது, தேடுவதோ தன்னைப் பற்றிய தீர்ப்பை. இது பழைய மேற்பார்வையேதான், கண்ணாடி மட்டும் மாறியிருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. பேச்சு முடிந்த பின் அவர் முகம் எப்படி இருந்தது என்று நினைவிருந்து, அவர் என்ன சொன்னார் என்று நினைவில்லாவிட்டால், நீங்கள் துருவிக்கொண்டிருந்தீர்கள். முகத்தை விட்டுவிட்டு அவர் சொல்கிற விஷயத்துக்கு வாருங்கள்.

இரண்டாவது, கேள்விகளை முன்கூட்டியே தயார்செய்து கொண்டுபோவது. அதுவும் ஒத்திகைதான். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் எதிராளிக்குப் பொலிஸ் விசாரணை போல இருக்கும். அவர் சொன்னதிலிருந்து முளைக்கிற கேள்வி ஒன்றோ இரண்டோ, பிறகு உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லுங்கள். தொடர்ந்து கேட்பவர்களை மனிதர்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்பது ஆய்விலும் கண்டதுதான். ஆனால் அது முந்திய பதிலைத் தொடர்கிற கேள்வியாக இருக்க வேண்டும். "ஓ, அப்படியா. சரி, உங்க ஊர் எது?" என்று தாவுகிற கேள்விக்கு அந்தப் பலன் இல்லை.

"இப்போ கவனம் வெளியேதானே இருக்கு?" என்று பேச்சுக்கு நடுவே சரிபார்ப்பது மூன்றாவது. கணக்கெடுப்பு எப்போதும் பேச்சு முடிந்த பிறகுதான்.

தோட்டத்துப் பேச்சு என்ற பயத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மலையகப் பேச்சை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசிய பிறகு வருகிற களைப்பில் ஒரு பகுதி மொழியின் பாரம். சொல்லைத் தேட வேண்டும், இலக்கணம் பார்க்க வேண்டும், அதற்குக் கவனம் போவது நியாயம். பழகப் பழகக் குறையும். உங்கள் சொந்தத் தமிழில் பேசியும் அதே அளவு களைத்தால், அது வடிகட்டுகிற வேலையின் களைப்பு. ஒரு வாரம் எந்தப் பேச்சு எந்த மொழியில் நடந்தது, எவ்வளவு களைத்தது என்று குறித்துவைத்தால் இரண்டும் பிரிந்து தெரியும்.

வடிகட்டுவதற்கும் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் சொல்கிற சொல் ஒன்றை, "காம்பரா" என்றோ "இஸ்தோப்பு" என்றோ, மத்தியானப் பேச்சில் வேண்டுமென்றே அப்படியே சொல்லுங்கள். அதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதிவையுங்கள். "சிரிப்பார்கள்" என்றால் எத்தனை பேர், எப்படி என்றும் எழுதுங்கள். சொன்ன பிறகு வெளியே பாருங்கள், உங்கள் கன்னத்தை விட்டுவிட்டு. நடந்ததை எழுதியதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் யாரும் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கக்கூட மாட்டார்கள். ஒருவர் நக்கலடித்தால், யார், என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். "எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்" என்பதும் "இன்னார் ஒருவர் இப்படிச் சொன்னார்" என்பதும் ஒன்றில்லை. முதலாவதற்கு ஆறேழு பேரிடமும் காவல் போட வேண்டும். இரண்டாவதற்கு ஒருவரோடு எப்படி நடந்துகொள்வது என்று யோசித்தால் போதும்.

கடைசியாக பஸ். பின்னேரம் ஹட்டனிலிருந்து திரும்பும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மத்தியானப் பேச்சை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வியில் அது இல்லை, ஆனால் இந்தச் சிக்கல் உள்ளவர்களிடம் அநேகமாக இருக்கும். அந்த மீள்பார்வையில் ஓடுவது நடந்த பேச்சு இல்லை, மேற்பார்வை வரைந்து வைத்த படம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது இன்னும் கறுக்கிறது, அடுத்த நாள் மத்தியானத்துக்கு அதுவே முன்னுரையாகிறது. இதை அடக்க முயலாதீர்கள். நேரம் கொடுத்து முடித்துவிடுங்கள்: பஸ் ஏறியதும் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும் நான்கு வரி போனில் எழுதுங்கள். "அசடு வழிந்தேன்" என்பது அதில் வராது, ஏனென்றால் அதை நீங்கள் காணவில்லை. "அக்கா பேக் கதை சொன்னார், நான் தம்பியைப் பற்றிச் சொன்னேன், ஒருவர் சிரித்தார்" என்பது வரும்.

எழுதி முடித்த பிறகு மிச்சப் பாதையைச் சூழல்மேல் கவனம் வைக்கிற பயிற்சிக்குக் கொடுங்கள். கொட்டகலை தாண்டி டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்திலிருந்து சென் கிளயார் வரும்வரை, முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும், பிறகு காதுக்குக் கேட்பதை மட்டும்: கியர் மாறுகிற சத்தம், பின்சீட்டுப் பேச்சு, ஹோர்ன். பிறகு இரண்டையும் சேர்த்து. மனம் மத்தியானத்துக்கு ஓடினால், ஓடிய இடத்திலிருந்து ஒரு சத்தத்துக்குத் திரும்புங்கள். ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. வேண்டியபோது கவனத்தை நகர்த்துகிற திறன் இங்கேதான் பழகுகிறது, இங்கே யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை என்பதால்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. சிலருக்கு மேற்பார்வையே இல்லாமலும் கூட்டம் களைப்புத் தரும். அவர்களுக்குத் தேவை பயிற்சியில்லை, கொஞ்சம் தனிமை. ஐந்து நாளில் இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அன்றைக்குத் தனியாகச் சாப்பிடுவது பயத்தினாலா விருப்பத்தினாலா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கம் குறைந்த நாளிலும், காலையில் சாப்பிடாமல் ஓடிய நாளிலும் எந்தப் பயிற்சியும் பாதிதான் வேலை செய்யும்.

நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை, அல்லது சாப்பாட்டு நேரத்தைத் தவிர்க்கிறீர்கள், லீவு போடத் தொடங்கிவிட்டீர்கள், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், இது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். மேலே சொன்ன சோதனைகளையும் பயிற்சியையும் ஒருவர் பக்கத்தில் இருந்து வழிநடத்தினால் பலன் கூடும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அரச மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்கில் கட்டணமில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்துக் கேட்கலாம். அங்கே போகும்போது புள்ளி போட்ட தாள்களைக் கொண்டுபோங்கள். "பேசப் பயம்" என்று மட்டும் சொன்னால் வைத்தியர் முதலிலிருந்து கேட்டு வர வேண்டியிருக்கும். எந்த இடத்தில், யாரோடு, எத்தனை புள்ளி, என்ன உபாயம் செய்தீர்கள் என்ற தாள் இருந்தால் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.